முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் மெத்தை வாங்கப் போகிறீர்களா? முதலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள்

நாகர்கோவிலில் ஒரு மெத்தைக் கடையில் பல வருஷம் நின்றவன் நான். முதுகு வலியோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நல்ல கட்டியா ஒண்ணு எடுங்க அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பலகை மாதிரி இருந்தால் முதுகு நிமிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், தாத்தா கோரைப்பாயில் படுத்து எண்பது வயது வரை தென்னை ஏறினார் என்று கதையும் வரும். நானும் கட்டியான தேங்காய் நார் மெத்தையைக் காட்டி பில் போட்டிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடுவோம். வலி காலுக்குள் இறங்கி மரத்துப்போகிறது, கால் பலம் குறைகிறது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லை, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைகிறது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, இதில் எது இருந்தாலும் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். சிறுநீர், மலம் அடங்காவிட்டாலும் கால் பலம் குறைந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நான் சொல்லப்போவது டாக்டர் பார்த்து "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்ன, ஆனால் தினமும் காலையில் படுத்துகிற சாதாரண வலிக்கு.

மெத்தைதான் காரணமா என்று எப்படித் தெரியும்

காலையில் எழும்போது வலி உச்சத்தில் இருந்து, எழுந்து நடமாடி அரை மணி, ஒரு மணி நேரத்தில் குறைந்துவிட்டால் படுக்கை மேல் சந்தேகப்படலாம். பகல் முழுக்க வேலை செய்து சாயங்காலம் கூடுகிற வலிக்கு மெத்தையை மாற்றிப் பெரிய பலன் இருக்காது. இன்னொரு நல்ல சோதனை, மகள் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இரண்டு மூன்று ராத்திரி தங்கிப் பாருங்கள். அங்கே எழும்போது உடம்பு லேசாக இருந்தால் வீட்டு மெத்தைக்குக் குற்றப்பத்திரிகை தயார்.

பழைய மெத்தை குழி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் பிடிபடாது. ஒரு நேரான கம்பை, துடைப்பக் கம்பு போதும், மெத்தையின் இரு ஓரத்தையும் தொடுகிற மாதிரி குறுக்கே வைத்து, நீங்கள் படுக்கிற இடத்தில் கம்புக்கும் மெத்தைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பல கம்பெனிகளின் வாரன்டியிலும் ஒரு அங்குலமோ ஒன்றரை அங்குலமோ இறங்கினால்தான் மாற்றிக் கொடுப்போம் என்று இருக்கும், ஆகவே அளந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இரண்டு வகையிலும் உதவும்.

அடுத்து, எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்

"நான் மல்லாக்கத்தான் படுப்பேன்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தூங்கப் போகும்போது மல்லாக்க, விழிக்கும்போது ஒருக்களித்து, இப்படித்தான் நிறையப் பேர். விழித்தவுடன் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள், பக்கத்தில் படுப்பவரிடமும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் உண்மை தெரியும். எந்தப் பக்கம் அதிக நேரம் இருக்கிறீர்களோ அதற்குத்தான் மெத்தை.

ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் பாரம் தோளிலும் இடுப்பு எலும்பிலும்தான் இறங்குகிறது. இந்த இரண்டும் கொஞ்சம் மெத்தைக்குள் அமுங்கினால்தான் முதுகுத்தண்டு நேர்கோட்டில் நிற்கும். மெத்தை பலகையாக இருந்தால் தோள் அமுங்காது, கை மரத்துப்போகும், இடுப்பு வளைவு ஆதரவில்லாமல் தொங்கும். அதனால் ஒருக்களித்துப் படுப்பவருக்கு நடுத்தரம், அல்லது நடுத்தரத்தை விடக் கொஞ்சம் கட்டி.

மல்லாக்கப் படுப்பவருக்கு இடுப்பு உள்ளே போய் நடு முதுகு வளையாமல் இருக்க வேண்டும், அவருக்கு நடுத்தரக் கட்டி நன்றாகப் பொருந்தும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கீழ்முதுகு இன்னும் ஆசுவாசப்படும். ஒருக்களித்துப் படுப்பவர் அதே தலையணையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைக்கலாம். குப்புறப் படுப்பவர் பாடு கஷ்டம், கழுத்து ராத்திரி முழுக்க ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் கட்டி மெத்தை, தலைக்கு மிக மெல்லிய தலையணை அல்லது தலையணையே வேண்டாம், வயிற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய துணி மடிப்பு. முடிந்தால் பழக்கத்தை மாற்றப் பாருங்கள், அது எளிதில்லை என்பதும் தெரியும்.

உடம்பு எடையையும் சேர்த்து யோசியுங்கள். ஐம்பது கிலோ உள்ளவருக்கு நடுத்தரக் கட்டி மெத்தை கல் மாதிரி இருக்கும், தொண்ணூறு கிலோ உள்ளவருக்கு அதே மெத்தை பஞ்சு. கணவனும் மனைவியும் எடையில் அவ்வளவு வித்தியாசமாக இருந்தால் ஒரே பெரிய மெத்தைக்குப் பதிலாக இரண்டு தனி மெத்தையைச் சேர்த்துப் போடுவதைச் சொல்வேன். பார்க்க அழகில்லை, சரி, ஆனால் இரண்டு பேரும் தூங்குவார்கள்.

கட்டி என்றால் எவ்வளவு கட்டி

"கட்டியா இருந்தால் முதுகுக்கு நல்லது" என்பதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. ஸ்பெயினில், நீண்ட நாள் கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடுத்தரக் கட்டியில் படுத்தவர்களுக்குப் படுக்கையிலும் எழும்போதும் வலி அதிகம் குறைந்தது. மிருதுவான மெத்தையை அதில் ஒப்பிடவில்லை, கழுத்து வலியையும் பார்க்கவில்லை, ஆனால் கல் மெத்தைதான் மருந்து என்ற நம்பிக்கைக்கு அது போதுமான பதில்.

கடையில் "ஆர்த்தோ" என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு கிடையாது, ஒரு கம்பெனியின் ஆர்த்தோ இன்னொரு கம்பெனியின் நடுத்தரம். டென்சிட்டி என்று சொல்வார்கள், 32 என்றும் 40 என்றும். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை கிலோவில், உழைப்பைப் பற்றி ஓரளவு சொல்லும், கட்டியா மிருதுவா என்பதைச் சொல்லாது. அதிக டென்சிட்டி ஃபோம் மிருதுவாகவும் இருக்கலாம். மெத்தையின் உயரமும் அப்படித்தான், எட்டு அங்குலம் என்றால் ஆறு அங்குலத்தை விட நல்லது என்று அர்த்தமில்லை.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். கடையில் கூச்சப்படாமல் படுங்கள், நீங்கள் தூங்குகிற பக்கமாக, ஒரு தலையணை வைத்து, குறைந்தது பத்துப் பதினைந்து நிமிஷம். கடைப் பையன் மேலே நின்று பார்ப்பான், பார்க்கட்டும். மல்லாக்கப் படுத்து இடுப்பு வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். கை சல்லென்று போய், மேலே காற்றோட்டமாக இடம் இருந்தால் மெத்தை உங்களுக்குக் கட்டி. கையை நுழைக்கவே முடியவில்லை, உடம்பு மெத்தைக்குள் போய்விட்டது என்றால் மிருது. கொஞ்சம் சிரமப்பட்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பவருக்கு உங்களோடு வந்தவர் பின்னாலிருந்து போனில் ஒரு படம் எடுக்கட்டும், பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகுக் கோடு மெத்தைக்கு இணையாக நேராக இருக்கிறதா பாருங்கள். இடுப்பு தொங்கினால் மிருது, தோள் தூக்கி நின்றால் கட்டி.

என்ன பொருளில் வாங்குவது என்று கேட்பீர்கள். ரப்பர் பூசிய தேங்காய் நார் மலிவு, காற்றோட்டம் நல்லது, ஆனால் கட்டி, சில வருஷத்தில் நடுவே குழியும். மெமரி ஃபோம் சூட்டில் இளகுகிற பொருள், நம்மூர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அது கூடுதலாக இளகி உடம்பை விழுங்கிக்கொண்டு வேர்க்கவும் வைக்கும். லேடக்ஸ் உடம்பைத் தாங்கி உடனே மேலே தள்ளும், துளைகள் இருப்பதால் சூடு குறைவு, விலை கூடுதல், தூக்கவும் பாரம். குலசேகரத்துப் பக்கம் பால் வெட்டும் மரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு ரப்பர் பாலில் மெத்தை என்றால் ஒரு தனிப் பாசம் இருக்கும், ஆனால் பாசத்துக்கு வாங்காதீர்கள், கை நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கு மட்டும் ஒன்று. ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு மழையும் நமக்குத்தான். மெத்தையைத் தரையிலோ இடைவெளியே இல்லாத பிளைவுட்டிலோ போட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே இடைவெளி விட்டுப் பலகை அடித்த கட்டில் நல்லது, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து மின்விசிறி காற்று காட்டுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடுகிற பழக்கத்தில் லேடக்ஸையும் மொட்டைமாடியில் காயப் போடுகிறார்கள், போடக்கூடாது, நேர் வெயில் ரப்பரைப் பொடியாக்கிவிடும். நிழலில் காற்றுதான் அதற்கு.

தலையணை: மெத்தையைத் தேர்ந்த பிறகு

தலையணையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் தோள் மெத்தைக்குள் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தலையணை உயரம் குறைய வேண்டும். மிருதுவான மெத்தைக்குத் தாழ்ந்த தலையணை, கட்டி மெத்தைக்கு உயரமான தலையணை. இது தெரியாமல்தான் மெத்தையை மாற்றியதும் "புது மெத்தையில் கழுத்து பிடிக்குது" என்று வருவார்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர் இப்படி அளங்கள். சுவரில் ஒரு தோளை மட்டும் தொட்டு நேராக நில்லுங்கள், சுவரிலிருந்து காதோரத் தலை வரை இன்னொருவர் ஸ்கேலால் அளக்கட்டும். அதிலிருந்து தோள் மெத்தையில் அமுங்கும் அளவைக் கழித்தால், தலை வைத்த பிறகு தலையணைக்கு இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். கவனியுங்கள், கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது உள்ள உயரம் இல்லை, தலை அமுக்கிய பிறகு உள்ள உயரம். மல்லாக்கப் படுப்பவருக்கு அந்த அளவு குறைவு, அமுங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். முகம் கூரையை நேராகப் பார்க்க வேண்டும், தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் உயரம் அதிகம், நெற்றி பின்னால் சாய்ந்தால் போதாது. தோளைத் தலையணை மேல் ஏற்றாதீர்கள், தலையும் கழுத்தும் மட்டும்.

ஒரு உதாரணம், எங்கள் மைனி

தக்கலைப் பக்கம் இருக்கும் என் மைனிக்கு நாற்பத்தேழு வயது, சத்துணவுக் கூடத்தில் வேலை, எடை 62 கிலோ. இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார். பிளைவுட் கட்டிலில் ஐந்து அங்குல நார் மெத்தை, "முதுகுக்கு நல்லது" என்று வாங்கியது. காலையில் இடது கை மரப்பு, கீழ்முதுகு வலி, கழுத்துப் பிடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் கோளாறு இல்லை என்றார். மார்த்தாண்டத்தில் மகள் வீட்டில் மூன்று ராத்திரி பழைய ஃபோம் மெத்தையில் படுத்தபோது கை மரக்கவில்லை. அதுதான் துப்பு.

உடனே காசு செலவழிக்க வேண்டாம் என்று, அந்த நார் மெத்தை மேல் இரண்டு கம்பளியை நான்காக மடித்துத் தோள், இடுப்பு வரும் இடத்தில் போட்டு ஒரு வாரம் படுக்கச் சொன்னேன். தினமும் எழுந்தவுடன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று காலண்டரில் எழுதினார். ஏழு இருந்தது நான்கு, ஐந்துக்கு வந்தது. கட்டிதான் பிரச்சினை என்று உறுதியானது.

அப்புறம் நானில்லாத நேரம் பார்த்து அண்ணன் இணையத்தில் எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தை வாங்கிவிட்டார், நூறு ராத்திரி சோதனை என்று போட்டிருந்ததாம். முதல் மூன்று நாள் சொர்க்கம். ஒரு வாரத்தில் இடுப்பு பள்ளத்துக்குள் போய்க் கீழ்முதுகு மறுபடி ஆறுக்கு ஏறியது, வேர்வை வேறு. புது மெத்தைக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆகவே அதுவரை பொறுங்கள் என்றேன். இருபத்து நான்காம் நாளும் அதே ஆறு. குறையாமல் நிற்கிற கணக்குதான் திருப்பிக் கொடுக்கக் காரணம், ஒன்றிரண்டு மோசமான காலை இல்லை.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. குறைந்தது முப்பது ராத்திரி படுத்திருக்க வேண்டும், கறை இருக்கக்கூடாது, முதலில் வாங்கியவர் பெயரிலேயே கேட்க வேண்டும், அவர்கள் வண்டி வரும் பின்கோடாக இருக்க வேண்டும். நல்லவேளை மைனி முதல் நாளே உறை போட்டிருந்தார், கறை இல்லை. முப்பத்தொன்றாம் நாள் விண்ணப்பம், வண்டி வரப் பத்து நாள், பணம் வர இன்னும் இரண்டு வாரம், நடுவில் ஏழெட்டு போன்.

அதனால் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனைக் காலம் எந்தத் தேதியிலிருந்து, ஆர்டர் போட்ட நாளா வீட்டுக்கு வந்த நாளா. குறைந்தபட்ச ராத்திரி உண்டா. உங்கள் 629-ல் தொடங்கும் பின்கோடுக்கு வந்து எடுப்பார்களா, எடுக்கும் செலவு யாருக்கு. பணமா, மாற்று மெத்தையா. நேரில் கடையில் வாங்கினால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள், வாய்ச்சொல்லாக "பிரச்சினை இருந்தா வாங்க" என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் மாறினால் அதுவே பதில். கட்டியும் அளவும் தனியே சொல்லிச் செய்யும் மெத்தைக்குப் பெரும்பாலும் சோதனைக் காலமே இருக்காது. ஒப்புக்கொண்ட பிறகும் பணம் தராமல் இழுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டாவது முறை மைனியையே அழைத்துப் போய்ப் படுக்க வைத்தோம். ஆறு அங்குல லேடக்ஸ், நடுத்தரக் கட்டி, கை சிரமப்பட்டு நுழைந்தது. இதற்கும் சோதனைக் காலம் உண்டு, பில்லில் எழுதி வாங்கினோம். பிளைவுட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுப் பலகை அடித்தார் அண்ணன்.

கழுத்துக்கு இப்போதுதான் அளந்தோம். சுவரிலிருந்து காதோரம் 14 சென்டிமீட்டர், தோள் மெத்தையில் அமுங்கியது சுமார் மூன்றரை, அப்படியானால் அமுங்கிய தலையணை பத்து, பத்தரை சென்டிமீட்டர் வேண்டும். அவருடைய பழைய இலவம்பஞ்சுத் தலையணை பார்க்க உயரம்தான், தலை வைத்தால் ஆறாக இறங்கிவிடும், அதனால் தலை கீழே சாய்ந்து கழுத்து பிடித்தது. இரண்டு தலையணை வைத்தபோது பன்னிரண்டுக்கு மேல் போய் எதிர்ப்பக்கம் வலித்தது. கடைசியில் ஒரு ஓரத் தையலைப் பிரித்துப் புதுப் பஞ்சு கைப்பிடி கைப்பிடியாக வைத்து, தலை வைத்து அளந்து, மறுபடி வைத்து, பத்து வந்ததும் தைத்துவிட்டோம். மூக்கும் நெஞ்சு நடு எலும்பும் ஒரே கோட்டில் நிற்பதைப் போனில் எடுத்துப் பார்த்தோம். பஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து சேர்க்க வேண்டும். அந்த வேலை பிடிக்காதவர்கள் உள்ளே நிரப்பியதைக் கூட்டிக் குறைக்கிற ஜிப் வைத்த தலையணை வாங்கலாம்.

முதல் பத்து நாள் தோள் கொஞ்சம் முனகியது, கை மரப்பு மட்டும் அன்றே நின்றுவிட்டது. நாற்பதாம் நாள் காலண்டரில் மார்க் இரண்டு, சில நாள் மூன்று. கூடத்தில் பெரிய பாத்திரம் தூக்கிய மறுநாள் நான்கு, அது மெத்தை கணக்கில் வராது. அந்த மார்க்கைப் பார்த்த பிறகுதான் அட்டைப் பெட்டியையும் உறையையும் எடைக்குப் போட அண்ணனை விட்டேன், அதுவரை அலமாரிக்கு மேலே அப்படியே இருந்தது.